90% வாய்ப்பு என்றால் என்ன? விளம்பர ஸ்ப்ளிட் டெஸ்டைப் பேய்ஸ் முறையில் படிப்பது

பழைய விளம்பரத்தை 1,000 பேருக்குக் காட்டியதில் 40 பேர் கிளிக் செய்தார்கள். புதிய விளம்பரத்தை வேறு 1,000 பேருக்குக் காட்டியதில் 52 பேர் கிளிக் செய்தார்கள். இந்த நான்கு எண்களை ஒரு கணக்கீட்டுக் கருவியில் இட்டால், "பி-மதிப்பு 0.20, வேறுபாடு நிரூபணமாகவில்லை" என்கிறது. அதே எண்களை இன்னொரு கருவியில் இட்டால், "புதியது பழையதை வெல்ல 90% வாய்ப்பு" என்கிறது. ஒன்று கைவிரிக்கிறது, மற்றது கிட்டத்தட்ட மாலையே போடுகிறது. எதை நம்புவது?

இரண்டுமே சரியாகத்தான் கணக்கிட்டிருக்கின்றன. அவற்றிடம் கேட்கப்பட்ட கேள்விதான் வேறு. இரண்டாவது கருவி தரும் 90% எப்படி வருகிறது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, அதை வைத்து எப்போது முடிவெடுக்கலாம் என்பதை இந்த ஒரே உதாரணத்தைக் கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

## இரண்டு கருவிகள், இரண்டு கேள்விகள்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: உண்மை விகிதம். இதே மாதிரியான மக்களுக்கு ஒரு விளம்பரத்தை முடிவில்லாமல் காட்டிக்கொண்டே போனால் நூற்றுக்கு எத்தனை பேர் கிளிக் செய்வார்களோ, அதுதான் அந்த விளம்பரத்தின் உண்மை விகிதம். அதை யாரும் நேரில் பார்க்க முடியாது. நம் கையில் இருப்பது 1,000 பேரிடமிருந்து கிடைத்த ஒரு சாம்பிள் மட்டுமே. பழையதன் 4.0 சதவீதமும் புதியதன் 5.2 சதவீதமும் சாம்பிளின் விகிதங்கள். உண்மை விகிதம் அவற்றுக்கு அருகில் எங்கோ இருக்கிறது.

பி-மதிப்பு கேட்கும் கேள்வி இது: இரு விளம்பரங்களின் உண்மை விகிதமும் ஒன்றேதான் என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ எத்தனை முறை வரும்? பதில், 100 டெஸ்டில் ஏறக்குறைய 20 முறை. அடிக்கடி நடக்கக்கூடியதுதான் என்பதால் "நிரூபணமாகவில்லை" என்று கருவி சொல்கிறது.

பேய்ஸ் முறை இதைத் திருப்பிக் கேட்கிறது: இந்த எண்களைப் பார்த்தாகிவிட்டது, இனி, புதியதன் உண்மை விகிதம் பழையதைவிட அதிகம் என்று எந்த அளவுக்கு நம்பலாம்? விளம்பரத்துக்குப் பணம் போடுபவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். தாமஸ் பேய்ஸ் எழுதிவைத்து, அவர் இறந்த பிறகு 1763இல் ரிச்சர்ட் பிரைஸ் வெளியிட்ட கட்டுரைதான் இந்தச் சிந்தனைக்கு வேர். முன்பு இருந்த நம்பிக்கையைக் கண்ட தரவைக் கொண்டு திருத்துவதே அதன் சாரம்.

## 40 கிளிக்கிலிருந்து ஒரு வீச்சுக்கு

திருத்துவதற்கு முன்னால் ஒரு தொடக்க நம்பிக்கை வேண்டும். பல கருவிகள் எடுத்துக்கொள்ளும் தொடக்கம் மிக எளிது: 0 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை எந்த விகிதமும் சம வாய்ப்புள்ளது. இதைத் தட்டையான தொடக்கம் என்று சொல்வோம். இது சரியா என்று பிறகு கேட்போம். இப்போதைக்கு இதிலேயே தொடங்குவோம்.

கிளிக் செய்தார், செய்யவில்லை என்று இரண்டே விடையுள்ள தரவுக்கு, திருத்திய நம்பிக்கை பீட்டா பரவல் என்ற வடிவில் கிடைக்கிறது. அதற்கு இரண்டு எண்கள் போதும். தட்டையான தொடக்கம் என்றால், கிளிக் செய்தவர்களோடு 1, செய்யாதவர்களோடு 1 கூட்ட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

* பழையது: 40 + 1 = 41; 960 + 1 = 961
* புதியது: 52 + 1 = 53; 948 + 1 = 949

இந்த ஜோடிகள் ஒவ்வொன்றும் ஒரு குன்றுபோன்ற வளைகோட்டைத் தருகின்றன. குன்று உயர்ந்திருக்கும் இடத்தில் உண்மை விகிதம் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய விளம்பரத்தின் குன்றில் 95 சதவீதம் ஏறக்குறைய 3 சதவீதத்துக்கும் 5.4 சதவீதத்துக்கும் இடையே அடங்குகிறது. புதியதன் குன்று 4 சதவீதத்திலிருந்து 6.7 சதவீதம் வரை பரவியிருக்கிறது.

இரண்டு குன்றுகளும் 4 முதல் 5.4 வரை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இதைப் பார்த்ததும் "வீச்சுகள் மோதுகின்றன, ஆகவே வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிடுபவர்கள் நிறைய. அது தவறு. பெரும்பாலும், பழையது தன் வீச்சின் மேல் பக்கமாகவும், அதே வேளையில் புதியது தன் வீச்சின் கீழ் பக்கமாகவும் இருந்தால்தான் பழையது ஜெயிக்கும். இரண்டும் ஒருசேர நடப்பது அரிது. எவ்வளவு அரிது என்பதைத்தான் அடுத்து எண்ணப்போகிறோம்.

## 10,000 முறை எண்ணிப் பார்ப்பது

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒவ்வொரு வரிசையிலும் பழையதன் குன்றிலிருந்து ஒரு விகிதத்தையும் புதியதன் குன்றிலிருந்து ஒரு விகிதத்தையும் குருட்டாம்போக்கில் எடுத்து, எது பெரிது என்று குறிக்கிறோம்.

1. A2 கட்டத்தில் பழைய விளம்பரம்: `=BETA.INV(RAND(),41,961)`
2. B2 கட்டத்தில் புதிய விளம்பரம்: `=BETA.INV(RAND(),53,949)`
3. C2 கட்டத்தில் புதியது வென்றதா: `=IF(B2>A2,1,0)`
4. D2 கட்டத்தில், புதியதைத் தேர்ந்தெடுத்தது தவறாகிவிட்டால் இழப்பு எவ்வளவு: `=MAX(A2-B2,0)`
5. இந்த நான்கையும் 10,001ஆவது வரிசை வரை கீழே இழுத்து நகலெடுத்து, C நெடுவரிசைக்கும் D நெடுவரிசைக்கும் சராசரி பார்க்க வேண்டும்.

ஒரு வரிசையில் 0.0388, 0.0571 என்று வந்தால் புதியது வென்றது. C கட்டத்தில் 1, D கட்டத்தில் 0. அடுத்த வரிசையில் 0.0492, 0.0467 என்று வந்தால் பழையது வென்றது. C கட்டத்தில் 0, D கட்டத்தில் 0.0025. இப்படிப் பத்தாயிரம் வரிசைகளில் ஏறக்குறைய 9,000 வரிசைகளில் புதியது ஜெயிக்கும். கருவி காட்டிய 90% இங்கிருந்துதான் வருகிறது.

ஷீட்டை மறுபடி கணக்கிட வைத்தால் இந்தச் சராசரி கொஞ்சம் ஆடும். 10,000 வரிசைகளுக்கு ஆட்டம் ஏறக்குறைய 0.3 சதவீதப் புள்ளி. எனவே "89.77%" என்று தசமத்தோடு எழுதுவதில் அர்த்தமில்லை, 90 என்று எழுதினால் போதும்.

## இந்த 90% சொல்வதும் சொல்லாததும்

இது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறது: திசை. புதியதன் உண்மை விகிதம் பழையதைவிட மேலே இருக்க பத்துக்கு ஒன்பது வாய்ப்பு.

எவ்வளவு மேலே என்று அது சொல்லவில்லை. 90 பேருக்குப் புதியது பிடித்திருக்கிறது என்பது இதன் பொருளல்ல. புதியது 90% அதிக கிளிக் தரும் என்பதும் அல்ல. சாம்பிளில் தெரிந்த 1.2 புள்ளி உயர்வு அப்படியே நிலைக்கும் என்ற உறுதியும் இதில் இல்லை. நூலிழை வித்தியாசம் மட்டுமே உள்ள இரண்டு விளம்பரங்களைப் பல லட்சம் பேருக்குக் காட்டினால் 99% கூட வரலாம். ஆனாலும் அந்த வித்தியாசத்தால் யாருக்கும் பயன் இருக்காது.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். பி-மதிப்பு 0.20, அதில் பாதி 0.10; ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.90. இது தற்செயல் அல்ல. தட்டையான தொடக்கத்தோடு, ஓரளவு தரவும் இருந்தால், பேய்ஸ் நிகழ்தகவு பெரும்பாலும் இந்தக் கணக்குக்கு மிக அருகில்தான் வரும். அதாவது, பேய்ஸ் முறை எங்கிருந்தோ கூடுதல் ஆதாரத்தைக் கொண்டுவந்துவிடவில்லை. அதே ஆதாரத்தை வேறு கேள்விக்கு விடையாக எழுதியிருக்கிறது. "பேய்ஸ் கருவிக்கு மாறினால் டெஸ்ட் சீக்கிரம் முடியும்" என்று சொல்லப்படும்போது, பெரும்பாலும் நடப்பது அளவுகோல் தளர்வதுதான்.

அப்படியானால் இந்த முறையால் என்ன ஆதாயம்? இரண்டு இருக்கின்றன: முன்பே தெரிந்ததைக் கணக்கில் சேர்க்க முடிகிறது; தவறாகப் போனால் எவ்வளவு இழப்போம் என்பதை அளக்க முடிகிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு 90% என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு முறையை மாற்றியதால் பெரிய லாபமில்லை.

## தொடக்க நம்பிக்கையை நேர்மையாக வைப்பது

தட்டையான தொடக்கம் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். டெஸ்ட் தொடங்குமுன், இந்த விளம்பரத்தை நூற்றுக்கு 70 பேர் கிளிக் செய்வதும் 4 பேர் கிளிக் செய்வதும் சம வாய்ப்புள்ளவை என்கிறது. விளம்பரத் தொழிலில் ஒரு மாதம் இருந்தவர்கூட இதை நம்ப மாட்டார். நமக்குத் தெரிந்ததை வேண்டுமென்றே மறந்துவிட்டுத் தொடங்குவது இது.

முந்தைய விளம்பரங்களின் வரலாற்றைப் பார்த்தால் விகிதம் 4 சதவீதத்தைச் சுற்றியே வருகிறது, அதிலிருந்து வழக்கமாக 0.62 புள்ளி மேலே கீழே போகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி `m`, திட்ட விலக்கம் `s` என்றால், தொடக்க நம்பிக்கையின் எடை இப்படிக் கிடைக்கிறது:

`m*(1-m)/s^2 - 1`

0.04ஐயும் 0.0062ஐயும் இட்டால் விடை ஏறக்குறைய 1,000. அதாவது, நம் பழைய அனுபவம் 1,000 பேரிடம் நடத்திய டெஸ்டுக்குச் சமமான எடை கொண்டது. அந்த ஆயிரத்தில் 4 சதவீதம் 40. ஆகவே இனி 1, 1 கூட்டுவதற்குப் பதில் 40, 960 என்று கூட்ட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வரலாற்றிலிருந்து `s` எடுக்கும்போது, சில நூறு பேருக்கு மட்டும் காட்டப்பட்ட விளம்பரங்களை விட்டுவிடுங்கள். அவற்றின் விகிதம் தற்செயலாலேயே தாறுமாறாக ஆடும். அவற்றைச் சேர்த்தால் `s` பெருத்துவிடும், தொடக்க நம்பிக்கை தேவையில்லாமல் தளர்ந்துவிடும். பல ஆயிரம் பேரை எட்டியவற்றை மட்டும் எடுப்பது நல்லது.

இப்போது அதே டெஸ்டைத் திருத்திப் பார்ப்போம். பழையது 80, 1,920 ஆகிறது, விகிதம் 4.0%. புதியது 92, 1,908 ஆகிறது, விகிதம் 4.6%. ஸ்ப்ரெட்ஷீட்டில் இந்த எண்களை மாற்றினால் புதியது வெல்லும் நிகழ்தகவு 90 சதவீதத்திலிருந்து 83 சதவீதத்துக்கு இறங்குகிறது.

நிகழ்தகவு ஏழு புள்ளிதான் குறைந்திருக்கிறது. ஆனால் எதிர்பார்க்கும் உயர்வு 1.2 புள்ளியிலிருந்து 0.6 புள்ளிக்கு, சரிபாதியாகச் சுருங்கிவிட்டது. டெஸ்டில் பளிச்சென்று வென்ற விளம்பரம், முழு பட்ஜெட்டில் ஓடவிட்டதும் சப்பென்று ஆகிவிடுகிறதே என்று பலரும் குழம்புவது இதனால்தான். வென்றதைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் திறமையோடு அதற்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். நேர்மையான தொடக்க நம்பிக்கை அந்த அதிர்ஷ்டத்தின் பங்கை முன்கூட்டியே கழித்துவிடுகிறது.

தொடக்க நம்பிக்கையை இரண்டு விளம்பரங்களுக்கும் ஒன்றுபோலவே வைக்க வேண்டும். புதியதன்மேல் உள்ள ஆசையால் அதற்கு மட்டும் 5 சதவீதத்தில் தொடங்கினால், டெஸ்ட் நடத்தும் முன்பே முடிவை எழுதிவிட்டோம் என்று பொருள்.

## 95% எல்லைக்கோட்டைவிட இழப்பைப் பார்ப்பது ஏன் நல்லது

83% போதுமா, 90% போதுமா, 95% வேண்டுமா என்ற கேள்விக்கு நிகழ்தகவில் விடை கிடையாது. தவறினால் என்ன போகும் என்பதில்தான் விடை இருக்கிறது. D நெடுவரிசை அதற்காகத்தான்.

D நெடுவரிசையின் சராசரியை எதிர்பார்க்கும் இழப்பு என்கிறோம். புதியது ஜெயித்த வரிசைகளில் இழப்பு சுழியம். பழையது ஜெயித்த வரிசைகளில் எவ்வளவு பின்தங்கினோமோ அவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்கிறோம். தவறும் வாய்ப்பு, தவறினால் வரும் அடி இரண்டும் இந்த ஓர் எண்ணில் வந்துவிடுகின்றன.

தசமங்களில் படிப்பது கடினம் என்பதால் 1,00,000 பேருக்கு எத்தனை கிளிக் என்று மாற்றிக்கொள்ளலாம். நேர்மையான தொடக்கத்தோடு நம் டெஸ்டின் நிலை இது:

* புதியதைத் தேர்ந்தெடுத்தால் எதிர்பார்க்கும் இழப்பு: 1,00,000 பேருக்கு ஏறக்குறைய 60 கிளிக்
* பழையதிலேயே இருந்துவிட்டால் எதிர்பார்க்கும் இழப்பு: 1,00,000 பேருக்கு ஏறக்குறைய 660 கிளிக்

இரண்டாவது எண்ணுக்கு D கட்டத்தில் `=MAX(B2-A2,0)` என்று திருப்பிப் போட வேண்டும். புதியதன் பக்கம் சாய்வதில் சந்தேகமே இல்லை. கேள்வி, இப்போதே நிறுத்தலாமா, இன்னும் ஓடவிடலாமா என்பதுதான்.

அதற்கு டெஸ்ட் தொடங்குமுன்பே ஒரு கோடு போட வேண்டும்: எவ்வளவு கிளிக் போனாலும் பரவாயில்லை என்று விடலாம்? 1,00,000 பேருக்கு 50 கிளிக் என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீத விகிதத்தில் 1,00,000 பேருக்கு 4,000 கிளிக் வரும். அதில் 50 என்பது நூற்றுக்கு ஒன்றேகால். தேர்ந்தெடுத்த விளம்பரத்தின் எதிர்பார்க்கும் இழப்பு இந்தக் கோட்டுக்குக் கீழே வந்ததும் நிறுத்தலாம். 60 இன்னும் கோட்டுக்கு மேலே இருப்பதால் டெஸ்ட் தொடர வேண்டும்.

தட்டையான தொடக்கத்தில் இதே இழப்பு 46 என்று வந்திருக்கும். அதாவது, கோட்டுக்குக் கீழே இறங்கி, இந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லியிருக்கும். தொடக்க நம்பிக்கை வெறும் கோட்பாட்டுச் சண்டை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

## டெஸ்டைத் தொடர்ந்தால்

ஒவ்வொரு விளம்பரமும் 4,000 பேரை எட்டும்வரை ஓடவிடுகிறோம். இப்போது பழையதற்கு 164 கிளிக், புதியதற்கு 188. சாம்பிள் விகிதங்கள் 4.1%, 4.7%. முதலில் தெரிந்த 1.2 புள்ளி வித்தியாசம் 0.6 ஆகிவிட்டது. 1,000 பேரிடம் இருந்தபோது நேர்மையான தொடக்கம் மதிப்பிட்டதும் இதே 0.6தான். எப்போதும் இவ்வளவு கச்சிதமாக அமையாது. ஆனால் சுருங்கும் திசை பெரும்பாலும் இதுதான்.

இன்னும் அதிக வரிசைகளில் எண்ணிப் பார்க்க, ஸ்ப்ரெட்ஷீட்டுக்குப் பதில் பைத்தானில் செய்வது எளிது:

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
n = 200_000
old = rng.beta(40 + 164, 960 + 4000 - 164, n)
new = rng.beta(40 + 188, 960 + 4000 - 188, n)
print((new > old).mean())
print(np.maximum(old - new, 0).mean() * 100_000)
print(np.quantile(new - old, [0.05, 0.95]) * 100_000)
```

முதல் வரி ஏறக்குறைய 0.88 என்று தரும். இரண்டாவது, எதிர்பார்க்கும் இழப்பு: 1,00,000 பேருக்கு ஏறக்குறைய 24 கிளிக். மூன்றாவது, வித்தியாசத்தின் 90% வீச்சு: ஏறக்குறைய 190 கிளிக் குறைவிலிருந்து 1,150 கிளிக் அதிகம் வரை.

நிகழ்தகவு 83இலிருந்து 88க்குத்தான் ஏறியிருக்கிறது. 95% வந்தால்தான் நிறுத்துவேன் என்று காத்திருப்பவர் இன்னும் வாரக்கணக்கில் காத்திருப்பார். ஆனால் இழப்பு 60இலிருந்து 24க்கு இறங்கி, 50 என்ற கோட்டைத் தாண்டிக் கீழே வந்துவிட்டது. பழையது ஜெயிக்க இன்னும் நூற்றுக்கு 12 வாய்ப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அப்படியே ஆனாலும், அது சொற்ப வித்தியாசத்தில்தான் ஜெயிக்கும். புதியதைத் தேர்ந்தெடுத்து டெஸ்டை முடிக்கலாம்.

ஒரு விதிவிலக்கு. புதியதுக்கு மாறுவதற்கே தனிச் செலவு இருந்தால், உதாரணமாக மறுபடி படம் எடுக்க வேண்டும், எல்லா மொழிகளிலும் திருத்த வேண்டும் என்றால், அந்தச் செலவையும் கிளிக்குகளாக மாற்றி இழப்போடு சேர்க்க வேண்டும். அப்போது 88% போதாமல் போகலாம்.

## தினமும் எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்

"பேய்ஸ் முறையில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது நிபந்தனையோடு உண்மை. நிபந்தனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

தொடக்க நம்பிக்கை உலகின் நடப்போடு ஒத்திருந்தால், எந்த நேரத்தில் நிறுத்தினாலும், 90% என்று சொன்ன டெஸ்டுகளில் பத்துக்கு ஒன்பது சரியாகத்தான் இருக்கும். ஆனால் தட்டையான தொடக்கத்தோடு, உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு விளம்பரங்களை ஓடவிட்டுப் பாருங்கள். கடைசியில் ஒரே ஒருமுறை பார்த்தால், ஏதோ ஒரு பக்கம் 95% தாண்டியிருக்க நூற்றுக்கு 10 வாய்ப்பு. சம இடைவெளியில் பத்து முறை பார்த்து, 95% தாண்டிய உடனே நிறுத்தினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு டெஸ்ட் "வெற்றி" என்று முடியும். வென்றது எதுவுமே இல்லை. தற்செயலின் ஆட்டத்தில் எண் உச்சத்துக்குப் போன நேரம் பார்த்து நாம் கையை உயர்த்தியிருக்கிறோம்.

இதிலிருந்து தப்ப இரண்டு காவல்கள் போதும். ஒன்று, மேலே சொன்னபடி வரலாற்றிலிருந்து எடுத்த தொடக்க நம்பிக்கை. தொடக்க நாட்களின் துள்ளலை அது அமுக்கிவிடும். மற்றது, குறைந்தபட்சக் கால அளவு. வார நாட்களில் கிளிக் செய்பவர்களும் விடுமுறை நாட்களில் கிளிக் செய்பவர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை; ஆகவே கோட்டைத் தொட்டுவிட்டாலும் முழு வாரம் ஒன்றாவது முடியும்வரை நிறுத்தக் கூடாது.

## கணக்கு சரி, தரவு தவறு

மேலே செய்ததெல்லாம், தரவு நியாயமாகப் பிரிக்கப்பட்டது என்ற எடுகோளின்மேல் நிற்கிறது. விளம்பரத் தளங்களில் அது அடிக்கடி உடைகிறது. உடைந்தால் 88% என்ற எண் அழகாகவே வரும். பொருள் மட்டும் இருக்காது. மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

1. எண்ண வேண்டியது ஆட்களை, காட்சிகளை அல்ல. ஒரே ஆளுக்கு விளம்பரம் எட்டு முறை காட்டப்பட்டால், தளத்தின் ரிப்போர்ட்டில் அது எட்டு காட்சிகள். அதை எட்டுத் தனி ஆட்களின் விடைகள்போல் பீட்டாவில் இட்டால், நம்மிடம் இருப்பதைவிட அதிக ஆதாரம் இருப்பதாகக் கணக்கு ஏமாந்துபோகும். குன்றுகள் பொய்யாக ஒடுங்கும். ரிப்போர்ட்டில் சென்றடைந்த நபர்களின் எண்ணிக்கையையும், ஒருமுறையாவது கிளிக் செய்த தனி நபர்களின் எண்ணிக்கையையும் எடுங்கள்.

2. பிரிப்பு சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பாதியாகப் பிரிக்கச் சொன்ன 8,000 பேரில் ஒரு பக்கம் வரும் எண்ணிக்கையின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 45. ஆகவே 4,000க்கு 90 மேலே கீழே போவது இயல்பு. 4,200க்கு 3,800 என்று வந்தால் அது நாலரை மடங்கு விலக்கம், தற்செயலாக நடக்காது. ஒரு விளம்பரம் தாமதமாக அனுமதி பெற்றிருக்கலாம், ஒன்றின் பக்கம் சில போன்களில் திறக்காமல் இருந்திருக்கலாம். காரணம் தெரியும்வரை நிகழ்தகவைக் கணக்கிடவே வேண்டாம்.

3. இரண்டு விளம்பரங்களையும் ஒரே தொகுப்பில் போட்டு ஓடவிட்டால் அது டெஸ்ட் அல்ல. அங்கே எதை யாருக்கு எவ்வளவு காட்டுவது என்று தளத்தின் கணினி நிரலே முடிவெடுக்கிறது. தொடக்கத்தில் கொஞ்சம் முந்திய விளம்பரத்தை அது அதிகம் காட்டும், எளிதில் கிளிக் செய்பவர்களாகப் பார்த்துக் காட்டும். தளம் தரும் தனி ஸ்ப்ளிட் டெஸ்ட் வசதியில் மக்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்படுகிறார்கள். அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்ப்ளிட் டெஸ்ட் வசதியிலும்கூட, தன் பாதிக்குள் யாருக்கு விளம்பரத்தைக் காட்டுவது என்று நிரல்தான் தேர்ந்தெடுக்கிறது. இளைஞர் படமுள்ள விளம்பரத்தை அது இளைஞர்களிடமும், குடும்பப் படமுள்ளதைப் பெற்றோரிடமும் கொண்டுபோகலாம். எனவே நம் 88% சொல்வது, "இந்தத் தளத்தில், இந்த நிரல் காட்டும் விதத்தில், புதிய விளம்பரம் அதிக கிளிக் பெறும்" என்பதை மட்டுமே. புதிய வாசகமே எல்லா இடத்திலும் சிறந்தது என்று அதை விரித்து, வேறு தளத்துக்கோ அச்சு விளம்பரத்துக்கோ கொண்டுபோக முடியாது.

கிளிக் வேறு, விற்பனை வேறு என்பதும் இங்கே வருகிறது. ஆர்வத்தைத் தூண்டிவிட்டு விஷயத்தை மறைக்கும் விளம்பரம் கிளிக்கில் வெல்லும், வாங்குவதில் தோற்கும். விற்பனையை அளக்க விரும்பினால், கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்க்காமல், விளம்பரம் சென்றடைந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் பிரித்தது சென்றடைந்தவர்களைத்தான். கிளிக் செய்தவர்கள் தாங்களே பிரிந்துகொண்டவர்கள்; இரண்டு விளம்பரங்களின் கிளிக்காரர்களும் ஒரே மாதிரி மனிதர்கள் அல்ல. சென்றடைந்தவர்களை வைத்துப் பார்க்கும்போது விகிதம் மிகச் சிறியதாகிவிடும் என்பதால், தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடும். கிளிக் டெஸ்டுக்குப் போதுமான 4,000 பேர் விற்பனை டெஸ்டுக்குப் போதாது.

## ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது

"புதியது 88% வெற்றி" என்ற ஒற்றை வரி படிப்பவரைத் தவறான பக்கம் தள்ளும். நம் டெஸ்டின் முடிவை இப்படி எழுதலாம்:

> ஒவ்வொரு விளம்பரமும் 4,000 தனி நபர்களைச் சென்றடைந்தது. பழையதற்கு 164 பேர், புதியதற்கு 188 பேர் கிளிக் செய்தனர். முந்தைய விளம்பரங்களின் 4% விகிதத்தை 1,000 பேர் எடையுள்ள தொடக்கமாக எடுத்துக்கொண்டோம். புதியதன் விகிதம் உயர்ந்தது என்பதற்கு 88% வாய்ப்பு. 1,00,000 பேருக்கு 480 கிளிக் கூடும் என எதிர்பார்க்கிறோம். 190 குறைவதிலிருந்து 1,150 கூடுவது வரை நடக்கலாம். புதியதைத் தேர்ந்தெடுப்பதில் எதிர்பார்க்கும் இழப்பு 24 கிளிக். டெஸ்டுக்கு முன் ஒப்புக்கொண்ட வரம்பு 50. புதியதுக்கு மாறுகிறோம். விற்பனை இந்த டெஸ்டில் அளக்கப்படவில்லை.